கெட்ட எண்ணம் எப்போது வந்தது?

டெல்லி ரேஸ் கிளப்பின் குதிரைகளுக்குத் தானியமும் ஓட்ஸும் சப்ளை செய்துவந்தார் ஒரு வியாபாரி. கடைசியில் 9 லட்ச ரூபாய்க்கு மேல் பாக்கி நின்றுபோனது என்பது அவர் தரப்பு. பணம் வராததால் உத்தரப் பிரதேசத்தில் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கிரிமினல் புகார் கொடுத்தார். நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், கூட்டுச்சதி என மூன்றும் அந்தப் புகாரில் இருந்தன. எதிர்த் தரப்புக்குச் சம்மன் போனது. அதை ரத்து செய்ய அலகாபாத் உயர் நீதிமன்றம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

2024 ஆகஸ்ட் 23 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு அந்த வழக்கை ரத்து செய்தது. ஏமாற்றுதலும் நம்பிக்கை மோசடியும் ஒரே சங்கதியில் ஒருசேர இருக்க முடியாது, ஒன்று இருந்தால் மற்றது இருக்க வழியில்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். இத்தனை காலமாகியும் கீழ் நீதிமன்றங்களும் போலீஸாரும் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளவில்லையே என்று வருந்தினார்கள். நாடு முழுவதும் போலீஸ் அதிகாரிகளுக்கு இதில் முறையான பயிற்சி தரவேண்டும் என்று சொல்லி, தீர்ப்பின் நகலை மத்திய சட்ட அமைச்சகத்துக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் அனுப்பச் சொன்னார்கள்.

தீர்ப்பு அதிகாரிகளுக்காக எழுதப்பட்டது என்றாலும், அதன் பலன் உண்மையில் புகார் கொடுக்கப் போகும் சாதாரண மனிதருக்குத்தான். பணத்தையோ நகையையோ பறிகொடுத்தவர் ஸ்டேஷனுக்குப் போய், “406, 420 ரெண்டையும் போட்டுடுங்க சார்” என்கிறார். அவரும் போடுகிறார். இரண்டு பிரிவு இருந்தால் கேஸ் பலமாக இருக்கும் என்று இருவரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. எது நடந்தது என்று புகாரே தெளிவாகச் சொல்லாததால், வருடங்கள் கழித்து அந்த வழக்கு உயர் நீதிமன்றத்தில் ரத்தாகிறது. பறிகொடுத்தவர் இரண்டாவது முறையும் தோற்றுப்போகிறார்.

இரண்டு குற்றங்களையும் பிரிப்பது ஒரே ஒரு கேள்வி. எதிராளியின் மனத்தில் கெட்ட எண்ணம் எப்போது வந்தது? பொருள் அவர் கைக்குப் போவதற்கு முன்பே இருந்ததா, போன பிறகு முளைத்ததா? முன்பே இருந்து, பொய் சொல்லிப் பொருளை வாங்கியிருந்தால் அது ஏமாற்றுதல். நல்லபடியாக நம்பி ஒப்படைத்த பொருளை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு மனம் மாறிக் கையாடினால் அது நம்பிக்கை மோசடி. சட்டத்தில் வேறு பல நுணுக்கங்கள் இருந்தாலும், வழக்குகள் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரே நகை, நான்கு கதைகள்

நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் ஒரு காரியத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு பெண்மணி தன்னிடம் உள்ள ஐந்து சவரன் பழைய சங்கிலியை அழித்து மகளுக்கு ஆரம் செய்ய நினைக்கிறார். சங்கிலியை நகைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார். பத்தர் எடை போடுகிறார், 40 கிராம். உரைகல்லில் உரசிப் பார்க்கிறார். செய்கூலி, சேதாரம் பேசி முடித்து, ஒரு துண்டுச் சீட்டில் எடையையும் தேதியையும் எழுதிக் கொடுக்கிறார். “பதினஞ்சு நாள் கழிச்சு வாங்கம்மா” என்கிறார். பதினைந்து நாள் கழித்துப் போனால் ஆரமும் இல்லை, சங்கிலியும் இல்லை. இதுவரை தெரிவது இவ்வளவுதான். இங்கே நடந்தது என்ன குற்றம் என்று இந்த விவரங்களை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

முதல் கதை இப்படி. பத்தர் இருபது வருடமாக அதே தெருவில் பட்டறை வைத்திருப்பவர். சங்கிலியை வாங்கும்போது ஆரம் செய்துதரும் எண்ணத்தில்தான் வாங்கினார். வாங்கிய எட்டாம் நாள் கடன்காரர் நெருக்கினார். பத்தர் சங்கிலியைக் கொண்டுபோய் அடகு வைத்தார். அந்த எட்டாம் நாள்தான் குற்றம் பிறந்த நாள். அதுவரை அவர் கையில் சங்கிலி இருந்தது சட்டப்படி சரியானது. உரிமை அந்தப் பெண்மணியுடையது, வசம் மட்டும் பத்தருடையது. அடுத்தவர் பொருள் என்று தெரிந்தே அதைத் தன் பொருள்போல் அடகு வைத்தாரே, அதுதான் நம்பிக்கை மோசடி.

இரண்டாவது கதையில் பத்தர் மூன்று மாதம் முன்புதான் அந்தத் தெருவுக்கு வந்தவர். கடையை இந்த மாதக் கடைசியில் காலி செய்வதாகக் கட்டட உரிமையாளரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார். உருக்கும் சாமான்களைக்கூட விற்றுவிட்டார். ஆனாலும் கடைசி வாரத்தில் பத்து வீடுகளில் “கூலியில் பாதி தள்ளுபடி” என்று சொல்லி நகைகளை வாங்கினார். வாங்கும்போதே செய்துதரும் உத்தேசம் இல்லை. இது ஏமாற்றுதல். அந்தப் பெண்மணி சங்கிலியைக் கழற்றிக் கொடுத்ததே ஒரு பொய்யை நம்பித்தான். பொருள் கைமாறுவதற்கு முன்பே குற்றத்தின் வேர் இறங்கிவிட்டது.

மூன்றாவது கதையில் அந்தப் பெண்மணி சங்கிலியே கொடுக்கவில்லை. புது ஆரத்துக்கு ஆர்டர் கொடுத்து இரண்டு லட்சம் முன்பணம் கட்டினார். கடைக்காரர் செய்துதரும் எண்ணத்தில்தான் வாங்கினார். அதற்குள் தங்கம் விலை ஏறிவிட்டது, பழைய விலைக்குக் கட்டுப்படியாகாது என்று கைவிரித்துவிட்டார். முன்பணத்தையும் திருப்பித் தராமல் இழுக்கிறார். இது அநியாயம்தான். ஆனால் கிரிமினல் குற்றம் அல்ல, ஒப்பந்த மீறல். இடம் சிவில் நீதிமன்றம் அல்லது நுகர்வோர் ஆணையம்.

நான்காவது கதையில்தான் பலரும் தடுமாறுவார்கள். அந்தப் பெண்மணி அதே 40 கிராம் சங்கிலியைக் கடையில் கொடுக்கிறார். ஆனால் கடைக்காரர் அதை ‘பழைய தங்கம்’ என்று அன்றைய விலைக்கு எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையை ஆரத்தின் விலையில் கழித்துக்கொள்வதாகச் சீட்டு எழுதுகிறார். அந்த நிமிடமே சங்கிலி கடைக்காரரின் சொத்தாகிவிட்டது. அதை அவர் உருக்கலாம், விற்கலாம். ஆரம் தரவில்லை என்றால் அவர் அந்தப் பெண்மணிக்குக் கடன்பட்டவர், அவ்வளவுதான். தன் சொந்தப் பொருளை ஒருவர் கையாட முடியாது. முதல் கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தத் துண்டுச் சீட்டில் எழுதிய வாசகம் மட்டுமே.

ஒப்படைப்பு என்ற வாசல்

டெல்லி ரேஸ் கிளப் வழக்கு விழுந்ததும் இந்த நான்காவது கதையின் காரணத்தால்தான். ஓட்ஸ் விற்கப்பட்டது. விற்ற சரக்கு வாங்கியவருக்குச் சொந்தம். ஆகவே அங்கே ‘நம்பி ஒப்படைத்த’ பொருள் என்று எதுவுமே இல்லை. சரக்கு வாங்கும்போதே பணம் தரக்கூடாது என்று கிளப் முடிவு செய்திருந்ததாகவும் புகாரில் இல்லை. நம்பிக்கை மோசடிக்கான வாசலும் அடைந்தது, ஏமாற்றுதலுக்கான வாசலும் அடைந்தது. மிச்சமிருந்தது பாக்கிப் பணத்துக்கான சிவில் வழக்கு மட்டுமே.

இந்தக் கருத்து புதிதல்ல. 1968-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த குஜராத் வழக்கு ஒன்று உண்டு. அரசு வேலைக்கென்று வாங்கிய சிமென்ட்டை வேறு பக்கம் திருப்பிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. சிமென்ட் அவருக்கு விற்கப்பட்டது. இன்ன வேலைக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை இருந்தாலும், விற்பனை விற்பனைதான், அது ஒப்படைப்பு ஆகாது என்றது நீதிமன்றம்.

ஒப்படைப்பு உறுதியாக இருக்கும் இடத்தில் சட்டம் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான உதாரணம் சீதன நகை. 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: மணப்பெண்ணின் சீதனம் அவளுடைய தனிச் சொத்து. பத்திரமாக வைத்திருக்கக் கணவரிடமோ மாமியாரிடமோ கொடுத்த நகையை அவள் கேட்கும்போது தராமல் அபகரித்தால் அது நம்பிக்கை மோசடி. கல்யாணத்தன்று அந்த நகையை வாங்கி பீரோவில் வைத்தபோது மாமியாரின் மனம் சுத்தமாகவே இருந்திருக்கலாம். அதனால் அவருக்குத் தப்பிக்க வழி கிடைக்காது. அங்கே கேள்வி பிறகு என்ன செய்தார் என்பதுதான்.

மனத்துக்குள் இருந்ததை எப்படி நிரூபிப்பது?

ஒருவர் மனத்தில் எந்தத் தேதியில் என்ன இருந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி கிடையாது. சுற்றியுள்ள சங்கதிகளிலிருந்து நீதிமன்றம் அதை ஊகித்துக்கொள்கிறது. எந்தச் சங்கதிகளைப் பார்க்கும் என்பது இரண்டு குற்றங்களுக்கும் வேறு வேறு.

ஏமாற்றுதலுக்குப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்த்த மகாதேவ் பிரசாத் வழக்கு இதற்கு நல்ல பாடம். கல்கத்தாவில் ஒரு வியாபாரி 17 ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள வெள்ளீயக் கட்டிகளைக் கேட்டார். சரக்கு வந்ததும் ரொக்கம் தருவதாகச் சொன்னார். சரக்கைக் கொண்டுவந்த ஆளை கடையில் காத்திருக்க வைத்துவிட்டுப் பணம் தராமல் போய்விட்டார். ரொக்கம் தருவதாகச் சொன்ன நேரத்தில் அவருடைய வங்கிக் கணக்கு எப்படி இருந்தது என்று நீதிமன்றம் பார்த்தது. ஏற்கெனவே பெருந்தொகைக்கு ஓவர்டிராஃப்டில் இருந்தது. வாங்கிய கட்டிகள் நேராக வங்கியின் ஈட்டுக்குப் போயிருந்தன. ரொக்கம் தருவதாகச் சொன்னபோதே தரும் எண்ணம் இல்லை என்று முடிவாகி, தண்டனை உறுதியானது. அதே தீர்ப்பு மறுபக்கத்தையும் சொல்கிறது. வாக்குக் கொடுத்தபோது தரும் எண்ணம் இருந்து, பிறகு தராமல் போயிருந்தால் அது ஏமாற்றுதல் ஆகாது.

இந்த நியாயம் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே ஓர் உதாரணமாக இருக்கிறது. 1860-ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தின் 415-ஆம் பிரிவு அவுரிச் செடியை எடுத்துக்காட்டாகத் தருகிறது. இவ்வளவு அவுரி தருகிறேன் என்று சொல்லி, தரும் எண்ணமே இல்லாமல் முன்பணம் வாங்கினால் ஏமாற்றுதல். வாங்கும்போது தரும் எண்ணம் இருந்து, பிறகு சொல் தவறினால் ஏமாற்றுதல் அல்ல, சிவில் வழக்கு மட்டுமே. நீலச்சாய வணிகம் மறைந்துவிட்டது, விதி மாறவில்லை.

ஆகவே ‘சொன்னபடி தரவில்லை’ என்பது மட்டுமே ஏமாற்றுதலுக்கு ஆதாரம் ஆகாது. தராததை வைத்து, தொடக்கத்திலேயே தரும் எண்ணம் இல்லை என்று தானாக முடிவுகட்ட முடியாது என்பதை 2000-ஆம் ஆண்டு ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. நம் இரண்டாவது கதையின் பத்தர் மாட்டுவது நகை தராததால் அல்ல. கடை காலி செய்ய முன்பே கொடுத்த நோட்டீஸ், விற்றுவிட்ட சாமான்கள், ஒரே வாரத்தில் பத்து வீட்டில் சொன்ன ஒரே பொய் ஆகியவை அவரை மாட்டிவிடுகின்றன. எல்லாம் நகை கைமாறுவதற்கு முன்போ, அதே சமயத்திலோ நடந்தவை.

நம்பிக்கை மோசடிக்கு முன்னோக்கிப் பார்க்க வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து பொருள் எங்கே போனது? முதல் கதையில் அடகுக் கடையின் ரசீதும் அதன் தேதியும் போதும். எப்போதும் அப்படி ரசீது கிடைத்துவிடாது. அதற்கு 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஜெயகிருஷ்ணதாஸ் தேசாய் வழக்கு வழிகாட்டுகிறது. சாயமேற்றித் தரச் சொல்லி ஜவுளி ஆணையர் ஓர் ஆலையிடம் துணி ஒப்படைத்திருந்தார். ஏராளமான துணி திரும்பி வரவில்லை. கரையானும் பூச்சியும் அரித்துவிட்டன என்று சமாதானம் சொல்லப்பட்டது. நீதிமன்றம் அதை நம்பவில்லை. துணியை எந்த நாளில், யாருக்கு, எப்படி விற்றார்கள் என்று அரசுத் தரப்பு துல்லியமாகக் காட்டவேண்டியதில்லை. ஒப்படைத்தது நிரூபணமாகி, பொருளுக்குக் கணக்குச் சொல்லத் தவறினால், அல்லது பொய்க் கணக்குச் சொன்னால், கையாடல் நடந்ததாக முடிவுக்கு வரலாம் என்றது.

புகார் எழுதும்போது

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பின் நடந்த நம்பிக்கை மோசடிக்குப் பிரிவு 316. சாதாரணமாக ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய 406-இல் இது மூன்று ஆண்டாக இருந்தது. வேலைக்காரர், குமாஸ்தா போன்றவர்கள் செய்தால் ஏழு ஆண்டு வரை போகும். வங்கியாளர், ஏஜென்ட், அரசு ஊழியர் போன்றவர்கள் செய்தால் ஆயுள் சிறை வரை உண்டு. ஏமாற்றுதலுக்குப் பிரிவு 318. ஏமாற்றிப் பொருளைக் கறந்தால் அதன் 4-ஆம் உட்பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. இதுதான் பழைய 420. ஜூலை 1-க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய பிரிவுகளே பொருந்தும்.

பிரிவு எண்ணைத் தீர்மானிப்பது போலீஸ், நீதிமன்றத்தின் வேலை. புகார்தாரரின் வேலை தேதிகளைச் சொல்வது. எந்த நாளில் கொடுத்தீர்கள், கொடுப்பதற்கு முன் அவர் என்ன சொன்னார், அதில் எது அன்றைக்கே பொய் என்று பிறகு தெரியவந்தது, எப்படித் தெரியவந்தது, பொருள் உங்களுடையதாகவே இருந்ததா அல்லது விற்றுவிட்டீர்களா, எந்த நாளில் திருப்பிக் கேட்டீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று வரிசையாக எழுதுங்கள். ‘என்னை நம்பவைத்து ஏமாற்றி நம்பிக்கைத் துரோகம் செய்துவிட்டார்’ என்ற ஒற்றை வரி இரண்டு குற்றங்களையும் கலக்கிவிடுகிறது. எதையும் நிரூபிக்க உதவாது.

கெட்ட எண்ணம் எப்போது வந்தது என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அதில் தவறில்லை. தெரிந்ததை உள்ளபடி எழுதினால், அடகு ரசீதையோ காலி செய்த நோட்டீஸையோ விசாரணை தேடிப் பிடிக்கும். அப்படியும் தெளிவாகாத நிலையில், ‘இது, இல்லாவிட்டால் அது’ என்று மாற்றுக் குற்றச்சாட்டு வனைய நீதிமன்றத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. அது வேறு. ஒரே ஆள் ஒரே சங்கிலியை வாங்கும்போது பொய் சொல்லியும் வாங்கினார், பொய் சொல்லாமலும் வாங்கினார் என்று ஒரே மூச்சில் சொல்வது வேறு.

பிரச்சினை முதலிலேயே சிவில் விவகாரமாக இருந்தால் போலீஸை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். கொடுத்த பணத்தை மீட்கும் சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. கிரிமினல் புகார் நிலுவையில் இருப்பதால் அந்தக் கெடு நிற்காது. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து நான்காம் வருடம் புகார் ரத்தானபின், சிவில் கதவும் சாத்தப்பட்டிருப்பதைக் கண்டு திகைத்து நிற்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக ஒன்று. உங்கள் பொருளை இன்னொருவர் கையில் கொடுக்கும் நாளில் ஒரு சீட்டு வாங்குங்கள். அதில் தேதியும் எடையும் இருந்தால் மட்டும் போதாது. ‘செய்யக் கொடுத்தது’, ‘பத்திரமாக வைக்கக் கொடுத்தது’, ‘திருப்பித் தரவேண்டியது’ என்று எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். பிறகு யார் மனம் எப்போது மாறினாலும், பொருள் உங்களுடையதுதான் என்பதை அந்த ஒரு வரி நீதிமன்றத்தில் நிலைநாட்டும்.